வாசலோடு திரும்பும் விண்ணப்பங்கள்

தங்கவயலில் பாஸ்போர்ட் என்பது சுற்றுலாப் போகிறவர்களின் காகிதம் அல்ல. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு சாம்பியன் ரீப்ஸின் வீடுகளுக்கு வருமானம் வெளியிலிருந்துதான் வருகிறது. பாதிப்பேர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் போகிறார்கள். இன்னும் சிலர் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போகப் பார்க்கிறார்கள். ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளியின் மகள் அமெரிக்காவில் இருந்தால், பேறுகாலத்துக்குத் தாயை அழைக்கிறாள். இவர்கள் எல்லோருக்கும் முதல் படி பாஸ்போர்ட், அடுத்த படி விசா. இந்த இரண்டு படிகளிலும் நம் ஊரார் தடுக்கி விழுகிற இடம் ஒன்றுதான், வாசல். ஆவணம் போதாமல் கவுன்டரில் தோற்பவர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். கவுன்டர்வரை போகாமலே, தாமதமாக வந்ததாலோ தவறான கட்டடத்துக்குப் போனதாலோ தோளில் தொங்கிய பையாலோ வாசலிலேயே நாளைத் தொலைத்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்த இழப்பு இனி முன்னைவிட விலை கூடியது என்பதால்தான் இந்த எச்சரிக்கை.

நம் பகுதி பெங்களூர் மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. இணையத்தில் விண்ணப்பித்துப் பணம் கட்டும்போது எந்த மையத்துக்குப் போவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அருகிலுள்ள ஓர் அஞ்சலக பாஸ்போர்ட் சேவை மையத்தில் இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுத்துக்கொள்ளலாம். அங்கே நாள் தள்ளிப் போகிறது என்று தெரிந்ததும் பிரவுசிங் சென்டர் பையன் "அண்ணா, பெங்களூர்ல சீக்கிரம் இருக்கு, போட்டுரவா?" என்று கேட்பான். நாமும் தலையாட்டுவோம். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

பெங்களூரில் பாஸ்போர்ட் என்ற பெயரோடு மூன்று இடங்கள் உண்டு. ஒன்று லால்பாக் சேவை மையம். இன்னொன்று மாரத்தஹள்ளி சேவை மையம். மூன்றாவது கோரமங்கலாவில் உள்ள மண்டல அலுவலகம். பாஸ்போர்ட் சேவைத் திட்டம் நாட்டிலேயே முதலில் 2010இல் பெங்களூரிலும் சண்டிகரிலும்தான் சோதனையாகத் தொடங்கியது. அதற்கு முன்பு எல்லா வேலையும் கோரமங்கலா அலுவலகத்தில்தான் நடந்தது. அதனால் இன்றும் வயதானவர்கள் பாஸ்போர்ட் ஆபீஸ் என்றால் கோரமங்கலா என்றே சொல்கிறார்கள். ஆட்டோக்காரர்களில் சிலரும் அப்படியே கொண்டுபோய் விடுகிறார்கள். சேவை மையத்துக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியவருக்கு அங்கே எந்த வேலையும் நடக்காது. போலீஸ் விசாரணையில் சிக்கல், நிலுவையில் நிற்கும் கோப்பு என்று தனியாக அழைக்கப்பட்டவர்கள் போகும் இடம் அது.

மாரத்தஹள்ளி மையத்தில் வேறொரு குழப்பம். பெயரை நம்பி மாரத்தஹள்ளிப் பாலத்தில் இறங்கி, அங்கிருக்கிற கடைக்காரர்களிடம் கேட்டுக்கொண்டே நடந்தவர்கள் ஏராளம். பல ஆண்டுகளாக அந்த மையம் இயங்கிவந்த கட்டடம் பாலத்தின் அருகே இல்லை. வெளிவட்டச் சாலையில் சில்க் போர்டு போகும் திசையில் இன்னும் சில கிலோமீட்டர் தள்ளி, தேவரபீசனஹள்ளியில் இருந்தது. மையங்கள் கட்டடம் மாறுவதும் உண்டு. ஆகவே போன ஆண்டு போய்வந்த அத்தான் சொன்ன வழியைக் கேட்காதீர்கள். ரசீதில் அச்சாகியிருக்கும் முழு முகவரியைப் பின்கோடு எண்ணோடு படியுங்கள், அதையே ஆட்டோக்காரரிடம் காட்டுங்கள். ரசீதின் மேல் பகுதியில் ஏ.ஆர்.என். எனப்படும் விண்ணப்ப எண், மையத்தின் பெயர், நாள், நேரம் எல்லாம் இருக்கும். நம் ஆட்கள் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வாசலில் நிற்கும் காவலர் கேட்கும்போதுதான் முதன்முறையாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

இனி நேரத்துக்கு வருவோம். ஓர் ஆளை மனத்தில் வைத்துக் கணக்குப் போடலாம். சாம்பியன் ஸ்டேஷனுக்கு நடந்துபோகும் தூரத்தில் வீடு உள்ள ஓர் இளைஞர். லால்பாக் மையத்தில் காலை 9.30க்கு அப்பாயின்ட்மென்ட். குறித்த நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் வரச் சொல்கிறார்கள். ஆக அவர் 9.15க்கு வாசலில் நிற்க வேண்டும். சிட்டி ஸ்டேஷனிலோ கன்டோன்மென்டிலோ இறங்கி, காலை நெரிசலில் ஆட்டோ பிடித்து லால்பாக் சாலைக்கு வர முக்கால் மணி நேரத்தை ஒதுக்குவதுதான் புத்திசாலித்தனம். அப்படியானால் 8.30க்கு அவர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் வண்டி சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நின்று நின்று பங்காருபேட்டை போய், பிறகு மாலூர், ஒயிட்ஃபீல்டு வழியாகப் பெங்களூர் சேர இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. இது வண்டி நேரத்துக்கு ஓடினால். பங்காருபேட்டையில் சென்னை வழித்தட வண்டிக்கு வழிவிட்டு நிற்பதும், பெங்களூர் நெருங்கும்போது சிக்னலில் காத்துக் கிடப்பதும் தினமும் போகிறவர்களுக்குப் புதிதல்ல. அரை மணி தாமதத்தைக் கணக்கில் சேர்த்தால் காலை 6 மணிக்கு முன்பே வண்டியில் ஏறியிருக்க வேண்டும்.

அவர் என்ன செய்கிறார்? அண்ணன் வேலைக்குப் போகும் அதே வண்டியில் போகிறார். அண்ணன் பத்து மணிக்கு வேலைக்குச் சேர்ந்தால் போதும். அந்த வண்டி அவருக்குப் போதுமானது. தம்பிக்குப் போதாது. வேலைக்குப் போகும் வண்டியும் அப்பாயின்ட்மென்டுக்குப் போகும் வண்டியும் ஒன்றாக இருக்க முடியாது. அப்பாயின்ட்மென்டுக்குப் போகிறவர் எந்த வண்டியில் போனால் சரியாகச் சேரலாமோ, அதற்கு முந்தைய வண்டியைப் பிடிக்க வேண்டும். முந்தைய வண்டி இல்லையென்றால் முதல் நாள் இரவே போய் பெங்களூர் உறவினர் வீட்டில் தங்க வேண்டும். தங்கவயலில் பெங்களூர் உறவினர் இல்லாத குடும்பம் அபூர்வம்.

மாரத்தஹள்ளி மையமென்றால் சிட்டி ஸ்டேஷன்வரை போவதே தவறு. கே.ஆர்.புரத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து தொங்கு பாலத்தைக் கடந்து டின் ஃபேக்டரி நிறுத்தத்துக்கு வந்தால், வெளிவட்டச் சாலையில் சில்க் போர்டு நோக்கிப் போகும் 500டி பேருந்துகள் கிடைக்கும். சிட்டிவரை போய்த் திரும்பி வருகிறவர் குறைந்தது ஒன்றரை மணி நேரத்தை வீணாக்குகிறார். ஆனால் கே.ஆர்.புரத்தில் இறங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. மெட்ரோ கட்டுமானமும் ஐ.டி. அலுவலகங்களின் கார்களும் சேர்ந்து அந்தச் சாலையைக் காலை எட்டரையிலிருந்து பத்தரைவரை ஊரவைக்கின்றன. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனாலும் ஒரு மணி நேரம் வையுங்கள். சொந்தமாகக் கார் அமர்த்திப் போகிறவர்களுக்கும் இதே கதிதான். பேத்தமங்கலத்திலிருந்து ஹொஸ்கோட்டைவரை புதிய விரைவுச்சாலையில் பறந்து போகலாம்; ஹொஸ்கோட்டைக்கு அப்புறம் மிச்சப்படுத்திய நேரமெல்லாம் கே.ஆர்.புரத்தில் கரைந்துவிடும்.

ஆகவே நம் ஊருக்கு ஏற்ற நேரம் முற்பகல் 11க்குப் பிறகு வருவது. காலை 9 மணிக்கோ 10 மணிக்கோ இடம் வந்து விழுந்தால், "கிடைத்ததே பெரிசு" என்று பிடித்துக்கொள்ளாமல் வேறு நாளைப் பார்ப்பது நல்லது. ஏற்கெனவே பதிவாகிவிட்டாலும் மாற்றிக்கொள்ளலாம். முதல் அப்பாயின்ட்மென்ட் நாளிலிருந்து ஓராண்டுக்குள் மூன்று முறை மாற்ற விதி இடம் தருகிறது, கட்டிய 1500 ரூபாய்க் கட்டணமும் போய்விடாது. இதைத் தெரிந்தவர்கள் நம் ஊரில் குறைவு. போக முடியாது என்று முதல் நாளே தெரிந்தும் மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள். அல்லது எப்படியும் கெஞ்சி உள்ளே போய்விடலாம் என்று ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நிற்கிறார்கள். தாமதமாக வந்தவரை உள்ளே விடுவது அங்கிருப்பவர்களின் தயவைப் பொறுத்தது. கூட்டம் குறைவான நாளில் விடலாம், நெரிசலான நாளில் விடாமல் போகலாம். தயவை நம்பி நூறு கிலோமீட்டர் பயணம் போகக் கூடாது.

மாற்றுவது என்றதும் இன்னொரு கசப்பான உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பகுதியில் விண்ணப்பதாரர் பலருடைய கணக்குக்கு உரிமையாளர் அவர் அல்ல, பிரவுசிங் சென்டர்தான். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அவர்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். மின்னஞ்சல் முகவரி கடைக்குச் சொந்தமாக இருக்கும். சில சமயம் கைபேசி எண்கூடக் கடைக்காரருடையதுதான். அப்பாயின்ட்மென்டை அரசுத் தரப்பே மாற்றினால் தகவல் கடைக்குப் போகும், நமக்கு வராது. இது கற்பனைப் பயம் அல்ல. 2024 ஆகஸ்ட் 29 இரவு முதல் செப்டம்பர் 2 காலைவரை பராமரிப்புக்காகப் பாஸ்போர்ட் இணையதளம் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 30க்கு நேரம் வாங்கியிருந்தவர்களுக்கு வேறு நாள் தருவதாக அறிவித்தார்கள். சொந்த எண் கொடுத்தவர்களுக்கு அந்தத் தகவல் கைக்கு வரும். கடைக்காரர் எண்ணைக் கொடுத்தவர் சாம்பியனிலிருந்து விடியலில் கிளம்பி, பூட்டிய வாசலைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். கடைக்குப் பணம் கொடுங்கள், உழைப்புக்குக் கூலி நியாயம்தான். ஆனால் passportindia.gov.in தளத்தில் கணக்கைத் திறக்கும்போது உங்கள் எண்ணும் உங்கள் மின்னஞ்சலும்தான் இருக்க வேண்டும், கடவுச்சொல் உங்கள் கையில் இருக்க வேண்டும். புறப்படுவதற்கு முதல் நாள் மாலை அதில் நுழைந்து நேரம் மாறவில்லை என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வாசலில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும். வெளியே ஒரே வரிசைபோலத் தெரிந்தாலும் அது நேரவாரியான வரிசை. காவலர் ரசீதைப் பார்த்து, எந்த நேரத்துக்காரர்களை உள்ளே விடுகிறாரோ அவர்களை மட்டும் கூப்பிடுவார். 11 மணிக்காரர் 9 மணிக்கே வந்து முதல் ஆளாக நின்றாலும் 9.15க்காரர் அவரைத் தாண்டிப் போவார். அதில் சண்டை போடுவதற்கு ஒன்றும் இல்லை. மாறாக, உங்கள் நேரத்துக்காரர்களைக் கூப்பிடும்போது தேநீர் குடிக்கப் போயிருந்தால் அது உங்கள் இழப்பு. உள்ளே போனதும் முதல் கவுன்டரில் ஆவணங்களின் மூலப் பிரதியையும் நகலையும் பார்த்து டோக்கன் தருவார்கள். டோக்கன் கைக்கு வந்துவிட்டால் நேரப் பிரச்சினை முடிந்தது. பிறகு ஏ கவுன்டரில் புகைப்படமும் கைரேகையும் எடுப்பார்கள், பி கவுன்டரில் அதிகாரி ஆவணங்களைச் சரிபார்ப்பார், சி கவுன்டரில் வழங்குவதா என்று முடிவு செய்வார்கள். திரையில் எண் வரும்வரை உட்கார்ந்திருந்தால் போதும்.

விண்ணப்பதாரருக்கு மட்டும்தான் உள்ளே அனுமதி. சிறுவர்களோடு பெற்றோர் போகலாம். முதியவர், மாற்றுத்திறனாளி, எழுதப் படிக்கத் தெரியாதவர் ஆகியோருடன் துணைக்கு ஒருவரை விடுவார்கள். நம் ஊரில் ஒருவருக்குப் பாஸ்போர்ட் என்றால் குடும்பமே கிளம்புகிற வழக்கம் உண்டு. வரட்டும், தடை இல்லை. ஆனால் மூலச் சான்றிதழ்களை அண்ணி பையிலும் நகல்களை மாமா பையிலும் பிரித்து வைத்துக்கொண்டு போனால், உள்ளே போனவரிடம் ஒன்று இருக்காது. எல்லாக் காகிதமும் ஒரே கோப்பில், விண்ணப்பதாரர் கையில் இருக்க வேண்டும். வேலை முடித்து அப்படியே சென்னைக்கு ரயிலேறத் திட்டமிட்டுத் துணிப்பெட்டியோடு வருகிறவர்களும் உண்டு. பெட்டியை வாங்கி வைத்துக்கொள்ள மையத்தில் ஆள் இருப்பார் என்று நம்பி வராதீர்கள். ஒரு கோப்பு, ஒரு பேனா, கொஞ்சம் பணம், அணைத்து வைக்கத் தயாரான கைபேசி, இவ்வளவே போதும். தீப்பெட்டி, லைட்டர், பான்பராக் பொட்டலம் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

பாஸ்போர்ட் மையம் பையைப் பார்த்து முகம் சுளிக்கிற இடம் என்றால், அமெரிக்கத் துணைத் தூதரகம் பையோடு வந்தவரை வாசலுக்கே வரவிடாத இடம். கர்நாடகத்தில் இருக்கிற நமக்கும் அமெரிக்க விசாவுக்கான நேர்காணல் சென்னையில்தான் நடந்துவந்திருக்கிறது. 2025 ஜனவரி 17ஆம் தேதி பெங்களூரில் அமெரிக்கத் துணைத் தூதரகம் திறந்து வைக்கப்பட்டது உண்மை. ஆனால் விசாப் பணி அன்றே அங்கு தொடங்கவில்லை. பத்திரிகையில் திறப்பு விழாப் படத்தைப் பார்த்துவிட்டு "இனி பெங்களூரிலேயே" என்று சொல்லும் ஏஜென்ட்டை நம்பாமல், உங்கள் உறுதிச் சீட்டில் எந்த ஊர், எந்தக் கட்டடம் என்று பாருங்கள்.

சென்னையிலும் இரண்டு வாசல்கள். கைரேகையும் புகைப்படமும் கொடுக்கும் விசா விண்ணப்ப மையம் நுங்கம்பாக்கத்தில் கோடம்பாக்கம் நெடுஞ்சாலைப் பக்கம் இயங்கிவந்தது. நேர்காணல் நடக்கும் துணைத் தூதரகம் அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்தின் அருகே. இரண்டுக்கும் வெவ்வேறு நாள், வெவ்வேறு நேரம். முதல் நாள் கைரேகை, பிறகு ஒரு நாள் நேர்காணல். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, கைரேகை நாளில் ஜெமினி வாசலில் போய் நிற்கிற தாய்மார்கள் இருக்கிறார்கள். மகள் அமெரிக்காவிலிருந்து பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு தாள்களில் எது எந்த நாளுக்கு என்று யாரும் அவர்களுக்கு எழுதிக் கொடுப்பதில்லை. அச்செடுத்து, ஒவ்வொரு தாளின் தலையிலும் "நுங்கம்பாக்கம் - கைரேகை", "ஜெமினி - நேர்காணல்" என்று பேனாவால் பெரிதாகத் தமிழில் எழுதி வையுங்கள். மகளுக்குத் தெரிந்தால் போதாது, போகிறவருக்குத் தெரிய வேண்டும்.

தூதரகத்துக்குள் கைபேசி கூடாது. ஸ்மார்ட் வாட்ச், மடிக்கணினி, பென்டிரைவ், கேமரா, மின்கலத்தில் இயங்கும் எதுவும் கூடாது. தோள்பை, முதுகுப்பை, துணிப்பை, தோல்பை, ஜிப் வைத்த கோப்பு எதற்கும் இடமில்லை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையில் காகிதங்களை மட்டும் கொண்டுபோகலாம். ஒட்டிய உறைகள், உணவுப் பொட்டலம், அழகுசாதனப் பொருள், தீப்பெட்டி, நகவெட்டி எல்லாவற்றுக்கும் தடை. இந்த விதிகளில் மிக முக்கியமான வரி இது: தடை செய்யப்பட்ட பொருளை வாங்கி வைத்துக்கொள்ளும் வசதி அங்கே கிடையாது. பங்காருபேட்டையில் இரவு வண்டி ஏறி, விடியற்காலை சென்ட்ரலில் இறங்கி, பெட்டியும் கைபேசியுமாக நேராக ஜெமினிக்குப் போகிறவருக்கு அந்த வரியின் கனம் அங்கே போனபின்தான் தெரிகிறது. பையை யாரிடம் கொடுப்பது? முன்பின் தெரியாத ஆட்டோக்காரரிடமா? பாஸ்போர்ட்டுக்கு அடுத்தபடியாக மதிப்புள்ள எல்லாமே அந்தப் பையில்தானே இருக்கிறது.

இதற்கு வழி சென்ட்ரல் ஸ்டேஷனிலேயே இருக்கிறது. அங்கு பொருள் காப்பறை உண்டு. ரயில் டிக்கெட்டைக் காட்ட வேண்டும், பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருக்க வேண்டும்; பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள். பெட்டியை வைத்துவிட்டு, காகித உறையோடு மெட்ரோவில் ஏறினால் ஆயிரம் விளக்கிலோ ஏ.ஜி. டி.எம்.எஸ். நிலையத்திலோ இறங்கி நடந்துவிடலாம். கைபேசியை எடுத்துப் போக யாராவது கூட வர வேண்டும். ஒருவர் உள்ளே போகும்போது இன்னொருவர் வெளியே, எந்த இடத்தில் நிற்பார் என்று முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். வெளியே வந்தவரிடம் கைபேசி இருக்காது என்பதை மறந்துவிட்டு, "வந்ததும் போன் பண்ணு" என்று சொல்லி அனுப்புகிறவர்களை என்னவென்று சொல்வது! துணைக்கு வருகிறவரின் எண்ணை ஒரு சீட்டில் எழுதி உறைக்குள் போட்டுவிடுங்கள்.

இப்போது ஏன் இந்த அவசரம் என்று கேட்கலாம். 2025 ஜனவரி 1 முதல் இந்தியாவில் குடியேற்றம் சாராத அமெரிக்க விசாக்களுக்கான விதி மாறியது. நேர்காணல் நாளை ஒரே ஒரு முறைதான் கட்டணமின்றி மாற்ற முடியும். இரண்டாம் முறை மாற்ற வேண்டியிருந்தாலோ, நேர்காணலைத் தவறவிட்டாலோ, புதிதாகக் கட்டணம் கட்டிப் புதிய நாள் வாங்க வேண்டும். சுற்றுலா விசாவுக்கான அடிப்படைக் கட்டணம் 2023 ஜூன் மாதத்திலிருந்து 185 டாலர். தங்கவயலில் ஒரு கூலிக் குடும்பத்துக்கு அது ஒரு மாதச் சம்பாத்தியத்துக்குக் கிட்டத்தட்ட வரும். பணத்தைவிடப் பெரிய இழப்பு நாள். அடுத்த இடம் எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பேறுகாலத்துக்குப் போக வேண்டிய தாய் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குப் போகிற நிலை வரலாம்.

இதன் மறுபக்கமும் 2025 டிசம்பரில் தெரிந்தது. தூதரகமே பலருடைய நேர்காணல் நாட்களை மாற்றியது. மாற்றியதாக மின்னஞ்சல் வந்த பிறகு பழைய தேதியில் வந்து நின்றால் உள்ளே விட மாட்டோம் என்று வெளிப்படையாக அறிவித்தது. மின்னஞ்சலைப் பார்க்காதவர் இரவெல்லாம் பயணம் செய்து வாசலில் நின்றாலும் பயன் இல்லை. பாஸ்போர்ட்டுக்குச் சொன்ன அதே எச்சரிக்கைதான் இங்கும்: கணக்கும் மின்னஞ்சலும் பயணம் போகிறவர் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும்.

தவறெல்லாம் நம்முடையதே என்று சொல்லி முடித்துவிட இந்தத் தலையங்கம் எழுதப்படவில்லை. பெங்களூர் நகரத்தில் வசிப்பவருக்கும் நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கும் ஒரே மாதிரி காலை நேரத்தை ஒதுக்குகிற ஏற்பாடு கண்ணை மூடிக்கொண்டு செய்யப்பட்டது. விண்ணப்பத்தில் பின்கோடு இருக்கிறது. யார் எங்கிருந்து வருகிறார் என்று கணினிக்குத் தெரியும். மூலப் பிரதி, நகல் என்று அத்தனை விவரம் கேட்கிற துறை, வெளியூரிலிருந்து வரும் முதியவர் தன் நேரம் வரும்வரை வெயிலிலும் மழையிலும் எங்கே நிற்பார் என்பதை யோசிக்க வேண்டும். பெட்டியோடு வருகிறவருக்காகக் காசு வாங்கிக்கொண்டாவது ஒரு பூட்டறை வைக்கலாம். மையத்தின் பெயரில் ஓர் ஊரும் முகவரியில் வேறோர் ஊரும் இருந்தால், ரசீதில் வழியைக் காட்டும் வரைபடமும் அருகிலுள்ள ரயில் நிலையத்தின் பெயரும் அச்சாக வேண்டும். இவை பெரிய கோரிக்கைகள் அல்ல.

தங்கவயல் நகராட்சி உறுப்பினர்களும், சட்டமன்ற உறுப்பினரும், கோலார் மக்களவை உறுப்பினரும் மண்டல பாஸ்போர்ட் அதிகாரியிடம் ஒரே ஒரு கோரிக்கையை எழுத்தில் வைக்க வேண்டும். கோலார் மாவட்ட முகவரியிலிருந்து பெங்களூர் மையங்களுக்கு வரும் விண்ணப்பங்களுக்கு முற்பகல் 11 மணிக்கு முந்தைய நேரத்தை ஒதுக்கக் கூடாது. இதற்குப் புதிய கட்டடமோ புதிய ஊழியரோ வேண்டியதில்லை. நேரம் ஒதுக்கும் மென்பொருளில் ஒரு விதியைச் சேர்த்தால் போதும்.